கறுப்புத் துணியில் வெள்ளைத் தடம்

கறுப்புச் சட்டையின் அக்குள் பக்கத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிட்டால் நம் கை முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடும். கைக்குட்டையை நனைத்து நாலு தேய் தேய்த்ததும் கோடு மறைந்துவிடும். நிம்மதியாகக் கிளம்பிப் போவோம். துணி காய்ந்ததும் அதே இடத்தில், முன்பைவிட அகலமாக, சாம்பல் பூத்தாற்போல அது திரும்ப வந்து நிற்கும். உண்மையில் அந்தத் தடம் எங்கும் போகவில்லை. ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளையாகத் தெரிவது மிக நுண்ணிய தூள். தூளுக்கு இடையே காற்று இருக்கும்வரை அதில் படும் வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறி வெள்ளையாகக் கண்ணில் விழும். அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்ததும் சிதறல் குறைந்துவிடும், அடியில் உள்ள கறுப்புத் தெரியும். தண்ணீர் ஆவியானதும் பழைய கதைதான். ஆகவே வெளிர்த் தடம் போனதா இல்லையா என்பதை ஈரத் துணியில் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின், ஜன்னலோரத்து வெளிச்சத்தில் துணியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனை முடியும்வரை இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவரவும் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நனைத்துத் தேய்ப்பதில் இன்னொரு கெடுதலும் உண்டு. வாசலில் போட்ட கோலமாவு காய்ந்திருக்கும்போது விளக்குமாற்றால் ஒரு இழுப்பில் போய்விடும்; அதன்மேல் தண்ணீர் தெளித்துக் காலால் தேய்த்தால் சிமெண்டுத் தரையின் நுண்துளையெல்லாம் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். துணியிலும் அதுவே நடக்கிறது. புதிதாக விழுந்த தடம் பெரும்பாலும் நூலின் மேற்பரப்பில்தான் இருக்கும். ஈரக்கையால் தேய்த்தால் அது குழைந்து நூல் இழைகளுக்குள் இறங்கும்.

புதுத் தடத்துக்கு உலர்ந்த துணிதான் வேண்டும். பழைய நைலான் காலுறை ஒன்றைச் சுருட்டி, தடத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இல்லாமல் நூல் ஓடும் திசையில் லேசாகத் தேய்த்தால் போதும். நைலான் இழை தூளைப் பற்றி எடுத்துவிடும். நைலான் கிடைக்காவிட்டால் அதே சட்டையின் கீழ் ஓரத்தை மடக்கி அதைக்கொண்டே தேய்க்கலாம். நிறம் ஒன்றாக இருப்பதால் வேறு பஞ்சு ஒட்டும் பயமும் இல்லை. உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பும் அவசரத்தில் விழும் தடங்களில் பெரும்பாலானவை இதிலேயே போய்விடும். பிரச்சினை அங்கே முடிந்துவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முடியாத தடங்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த வெள்ளைத் தூள் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எல்லா வெள்ளையும் ஒன்றல்ல.

அக்குளில் போடும் பொருட்களில் இரண்டு வகை உண்டு. வெறும் வாசனையும் சாராயமும் கலந்த ஸ்ப்ரே, துர்நாற்றத்தை மட்டும் மறைக்கும். அது துணியில் பெரிதாக வெள்ளை விடுவதில்லை. வியர்வையையே அடக்கும் வகையில் அலுமினிய உப்புகள் இருக்கும். அவை வியர்வைத் துளைகளில் கூழ்போல் உறைந்து அடைத்துக்கொள்கின்றன. வெள்ளைத் தடத்துக்கு முக்கியக் காரணம் இந்த உப்புகளும், ஸ்டிக் வகையில் கூடவே இருக்கும் மெழுகும் எண்ணெயும்தான். 1903-ல் அமெரிக்காவில் எவர்டிரை என்ற பெயரில் வந்த முதல் வியர்வை அடக்கியில் இருந்தது அலுமினியம் குளோரைடு. அதன் அமிலம் துணியை அரித்துவிடும் அளவுக்குக் கடுமையாக இருந்தது. இப்போது வருபவை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அலுமினியத்தின் குணம் மாறவில்லை.

சன்ஸ்கிரீனில் வெள்ளை விடுபவை ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு என்ற இரு கனிமத் தூள்கள். முதலாவது, வேர்க்குருவுக்கும் அரிப்புக்கும் தடவும் கலமைன் லோஷனில் இருக்கும் அதே பொருள். இரண்டாவது, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் இருப்பது. இரண்டும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. தண்ணீரில் கரையாதவை. வியர்வையிலும் நீரிலும் கலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றை எண்ணெயிலும் சிலிக்கோனிலும் குழைத்து, தோலில் ஒட்டிக்கொள்ளும் படலமாகத் தயாரிக்கிறார்கள். தோலில் நல்ல குணமாக இருப்பது துணியில் தொல்லையாகிறது.

இந்த இரண்டில் ஜிங்க் ஆக்சைடு வினிகர் போன்ற மெல்லிய அமிலத்தில் மெதுவாகக் கரையும். டைட்டானியம் டைஆக்சைடு வீட்டில் உள்ள எந்த அமிலத்திலும் கரையாது. எலுமிச்சைச் சாறு, வினிகர், புளி என்று எதை ஊற்றினாலும் அது அசையாது. அதைப் பிடித்து வைத்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கலைத்து, நுரையோடு சேர்த்து வெளியே தள்ளுவது ஒன்றே வழி. எனவே சன்ஸ்கிரீன் தடத்தைப் பொறுத்தவரை எண்ணெயைக் கழுவும் சோப்புநீர்தான் முதல் மருந்து. அமிலம் இரண்டாவது, பல நேரம் அது தேவையே படாது.

அக்குள் தடத்தில் விஷயம் தலைகீழாகச் சிக்கலாகும். அங்கே சோப்பே எதிரியாக மாறக்கூடும்.

எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருவர் தினமும் ஸ்கூட்டியில் வெகுதூரம் போய்வருபவர். கழுத்துக்கும் முதுகின் மேற்பகுதிக்கும் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்வார், அக்குளில் வியர்வை அடக்கும் ரோல்-ஆன். அவருடைய கருநீலப் பருத்தி ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். லைனிங் வைத்துத் தைத்தது. பின்கழுத்து ஓரம் முழுக்க வெளிறிய பட்டை. இரு அக்குளிலும் சாம்பல் நிறத்தில் பெரிய வட்டம். “சோப்பு போட்டு நல்லாத்தான் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் வெளுத்துக்கிட்டே போகுதுங்க” என்றார்.

இரண்டு தடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. கழுத்தோரத்தில் துணி வழவழப்பாக, கொஞ்சம் பிசுக்காக இருந்தது. நகத்தால் சுரண்டினால் நகத்தின் அடியில் வெள்ளை ஒட்டியது. அக்குளில் துணி விறைத்துப் போயிருந்தது. சுரண்டினால் எதுவும் வரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரை அக்குள் வட்டத்தின் மேல் விட்டேன். உறிஞ்சாமல் உருண்டு அப்படியே நின்றது. அதே ஜாக்கெட்டின் கைப்பகுதியில் விட்ட சொட்டு நொடியில் நூலுக்குள் இறங்கிவிட்டது.

அந்த உருண்டு நிற்கும் சொட்டில்தான் விடை இருக்கிறது. அலுமினிய உப்பும் சோப்பும் சேர்ந்தால் அலுமினிய சோப்பு என்னும் பிசின் உண்டாகும். அது தண்ணீரில் கரையாது, தண்ணீரை உள்ளே விடவும் விடாது. துணியை மழைநீர் புகாமல் ஆக்குவதற்காகப் படிகாரக் கரைசலிலும் சோப்புக் கரைசலிலும் மாற்றி மாற்றித் தோய்த்த பழைய முறையின் அடிப்படையே இந்த வேதியியல்தான். ஆசிரியை அறியாமலே தன் ஜாக்கெட்டின் அக்குளை ஒவ்வொரு வாரமும் நீர் புகாத் துணியாக ஆக்கிக்கொண்டிருந்தார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சோப்போடு சேர்ந்து தன் பங்குக்கு வெள்ளைப் படிவை ஏற்றும். ஆகவே கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும்.

இங்கே சோப்பு என்று நான் சொல்வது எண்ணெயிலிருந்து காய்ச்சிய உண்மையான சோப்பை. குளிக்கும் சோப்பும், சில துணிச் சோப்புக் கட்டிகளும் அந்த வகை. டிடர்ஜென்ட் என்று உறையில் போட்டிருக்கும் கட்டிகளும், துணி துவைக்கும் திரவமும், பாத்திரம் கழுவும் லிக்விடும் வேறு வகை. அவை அலுமினியத்தோடும் சுண்ணாம்போடும் இப்படிப் பிசினாக உறைவதில்லை. அக்குள் தடத்துக்கு இவற்றைத்தான் எடுக்க வேண்டும்.

அந்த ஜாக்கெட்டை நாங்கள் கழுவிய விதத்தை அப்படியே சொல்கிறேன். முதலில் நைலான் காலுறையால் உலர்ந்த நிலையிலேயே மேலோட்டமான தூளைத் தட்டி எடுத்தோம். பிறகு உள் தையல் ஓரத்தில் ஒரு மூலையில் பாத்திரம் கழுவும் லிக்விடை ஒரு சொட்டும், வினிகர் கலவையை ஒரு சொட்டும் தனித்தனியாக விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தோம். சாயம் ஒட்டவில்லை. கருநீலமும் கறுப்பும் பெரும்பாலும் சாயம் விடும் நிறங்கள், அதனால் இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

கழுத்தோரத்துக்கு, துணியை நனைக்காமல், அரைத் தேக்கரண்டி லிக்விடை நேரடியாகத் தடத்தின் மேல் விட்டோம். தண்ணீர் படாத துணியில் போட்டால்தான் அது எண்ணெயோடு நேராகச் சேரும். நனைத்த துணியில் நீர்த்துப்போகும். விரல் நுனியால் மெதுவாகப் பரப்பி, லைனிங் பக்கமும் சிறிதளவு தடவினோம். ஜாக்கெட்டில் இது முக்கியம், ஏனென்றால் சன்ஸ்கிரீன் லைனிங்குக்கும் மேல் துணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவிட்டு அலசினோம். மேலிருந்து ஊற்றினால் தூள் இன்னும் உள்ளே போகும். பின்னாலிருந்து ஊற்றினால் வந்த வழியிலேயே வெளியேறும். அலசிய நீர் முதலில் பால்போல் கலங்கி ஓடியது. தெளியும்வரை அலசி, நிழலில் காயவைத்துப் பார்த்தபோது பட்டை பெரும்பாலும் போயிருந்தது. ஓரத் தையலில் மட்டும் மங்கலாக ஒரு கோடு நின்றது. அதே வேலையை இன்னொரு தரம் செய்தபின் அதுவும் மறைந்தது. இங்கே வினிகர் எதுவும் தேவைப்படவில்லை.

அக்குளுக்கும் முதலில் லிக்விடைத்தான் போட்டோம், மேலே உள்ள மெழுகும் எண்ணெயும் வழிவிட வேண்டுமே. அதன்பின் நன்றாக அலசி, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, அக்குள் பகுதியை மட்டும் கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறவைத்தோம். கடையில் கிடைக்கும் வினிகரில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். அது அலுமினியப் பிசினை உடைத்து, அலுமினியத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். சோப்பிலிருந்து வந்த கொழுப்பு மட்டும் துணியில் தங்கும். அந்தக் கொழுப்பை எடுக்க மறுபடியும் லிக்விட் போட வேண்டும். பலர் வினிகரோடு நிறுத்திவிட்டுத் தடம் போகவில்லை என்று சொல்வதற்கு இதுவே காரணம். வினிகருக்குப் பின் வெள்ளைப் பிசுக்குத் தெரிந்தால் அது தோல்வி அல்ல, பாதி வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியில் மறுபடியும் தண்ணீர்ச் சொட்டைப் போட்டோம். வட்டத்தின் நடுவில் சட்டென்று உறிஞ்சியது. ஓரத்தில் சற்று நேரம் நின்று பிறகு இறங்கியது. அடுத்த நாள் ஓரத்துக்கு மட்டும் இதையே திரும்பச் செய்ததும் எங்கும் ஒரே மாதிரி உறிஞ்சத் தொடங்கியது. துணியின் விறைப்பும் போய்விட்டது. கண்ணால் பார்ப்பதைவிட இந்தச் சொட்டுச் சோதனையை நான் அதிகம் நம்புகிறேன். பழைய சட்டையின் அக்குள் எவ்வளவு அழுக்கேறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

ஆனாலும் அக்குள் தையலை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒரு வெளிர்ப் பகுதி மிஞ்சியது. அது தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது, சுரண்டினாலும் எதுவும் வரவில்லை, உற்றுப் பார்த்தால் நூல் இழைகள் பிய்ந்து பூஞ்சையாக எழும்பியிருக்கின்றன. அது தடமே இல்லை. வியர்வையாலும் கை உரசலாலும், முரட்டுத்தனமாகச் சோப்புக் கட்டியைத் தேய்த்ததாலும் சாயம் உதிர்ந்து துணி தேய்ந்த இடம். அதை எந்தக் கரைசலும் திரும்பக் கொண்டுவராது. இதை முன்பே புரிந்துகொண்டால் தேவையில்லாமல் இன்னும் தேய்த்து, ஓட்டை விழும்வரை போக மாட்டோம்.

அதேபோல் வியர்வை உப்பையும் தடம் என்று எண்ணிவிடக் கூடாது. கறுப்புச் சட்டையின் முதுகில் அலை அலையாக வெள்ளைக் கரை தெரிவது பெரும்பாலும் வெறும் உப்புதான். வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் அது திரும்பி வராது. வந்தால் மட்டுமே மேலே சொன்ன வேலைகளுக்குப் போக வேண்டும். துவைக்கும் பவுடர் சரியாக அலசப்படாததாலும் கோடு கோடாக வெள்ளை விழும். அதற்கும் கூடுதல் அலசல்தான் மருந்து.

இஸ்திரிக்கு வருகிறேன். ஸ்டிக் வகை வியர்வை அடக்கியில் உள்ள மெழுகு இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் உருகிவிடும். உருகிய மெழுகு நூலுக்குள் ஊறி, தூளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஆறியதும் உள்ளே உறைந்துவிடும். தடம் முழுதாகப் போகாத ஜாக்கெட்டை அவசரத்தில் இஸ்திரி போடக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை துவைக்கும்போது வேலை இரட்டிப்பாகும். இதே காரணத்தால் துணி உலர்த்தும் மெஷினின் சூடும் வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கருந்துணியின் பக்கம் வரவே கூடாது. அவை தடத்தைக் கரைப்பதில்லை, துணியின் நிறத்தைத்தான் வெளுக்கவைக்கும். வெள்ளைத் தடம் போய், அதைவிடப் பெரிய செம்பழுப்பு வட்டம் வந்து நிற்கும். பிளீச்சையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பது இன்னும் ஆபத்தானது. மூச்சைத் திணறவைக்கும் குளோரின் வாயு வரும். எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் வைக்கும் யோசனையும் கருந்துணிக்குப் பொருந்தாது, வெளிறிய பட்டை விழ வாய்ப்பு உண்டு. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியாக அலசப்படாவிட்டால் தானே புது வெள்ளைத் தடமாகிவிடும்.

மேலே சொன்ன முறை பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் பாலியஸ்டர் கலந்த பருத்திக்கும் பொருந்தும். பாலியஸ்டரில் எண்ணெய் விடாப்பிடியாக ஒட்டும் என்பதால் லிக்விடை இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும், வெந்நீரும் அவசியம். ரேயான் நனைந்தால் நூல் வலுவிழந்துவிடும்; அதில் ஈரமாக இருக்கும்போது தேய்க்கவே கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். பட்டு ஜாக்கெட்டில் நான் உலர்ந்த தேய்ப்போடு நிறுத்திக்கொள்வேன். பட்டில் தண்ணீர் பட்ட இடத்தின் விளிம்பிலேயே கறை விழும், சரிகை இருந்தால் வினிகர் அதன் பளபளப்பைக் கெடுக்கும். அதை நல்ல டிரைக்ளீனிங் கடைக்குக் கொடுத்து, எந்த இடத்தில் ரோல்-ஆன், எந்த இடத்தில் சன்ஸ்கிரீன் என்று சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் எடுக்கும் கரைசல் அதைப் பொறுத்துத்தான்.

பழக்கத்தில் சிறு மாற்றம் செய்தாலும் பாதித் தடம் குறையும். ரோல்-ஆனைப் போட்டதும் கையைத் தூக்கிச் சில நிமிடம் காயவிட்டுத்தான் உடுத்த வேண்டும். சன்ஸ்கிரீனுக்குக் குறைந்தது கால் மணி நேரம் கொடுக்க வேண்டும். தலை வழியாகப் போடும் டாப்ஸை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி மடக்கிப் போட்டுக்கொண்டு பிறகு இறக்கிவிட்டால் வெளிப்புறம் அக்குளில் உரசாது. முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட்டில் அது நடக்காது. ஆகவே அக்குளில் தனியாகக் கழற்றித் துவைக்கும் வியர்வைத் துண்டை டெய்லரிடம் சொல்லித் தைத்துக்கொள்ளலாம். பின்கழுத்துக்கு, ஜாக்கெட்டைப் போட்ட பிறகு கழுத்தோரத்தில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு சன்ஸ்கிரீனைத் தடவி, அது காய்ந்ததும் கைக்குட்டையை எடுத்துவிட வேண்டும். ஆசிரியை இப்போது அப்படித்தான் செய்கிறார், அக்குளுக்கு டிடர்ஜென்ட் திரவம் மட்டும் பயன்படுத்துகிறார். துவைத்த ஜாக்கெட்டைக் கொடியில் போடுமுன் அக்குளில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறாரா என்று கேட்டேன். காய்ந்த பிறகுதான் விட்டுப் பார்க்கிறாராம், ஈரத் துணியில் சொட்டு எதையும் காட்டாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.